சொல்லாமல் விட்ட பெயர் யாருடையது?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில் 1970களில் சில உரையாடல்களைப் பதிவு செய்தார்கள். பிரித்துப் போட்டிருந்த ஏர் கம்ப்ரசரைத் திரும்பப் பூட்ட வேண்டும். வேலை தெரிந்தவர் வாயால் சொல்லிக்கொண்டே வருவார், பழகுபவர் கையால் செய்வார். ஓர் உரையாடலில், கம்ப்ரசரைப் பூட்டுங்கள் என்று வேலை தெரிந்தவர் தொடங்குகிறார். அதன்பிறகு பம்ப், மோட்டார், பெல்ட், பெல்ட்டை மூடும் உறை என்று பேச்சு ஒவ்வொரு பாகமாகப் போகிறது. அரை மணி நேரம் கழித்து, உறையை மாட்டி இறுக்கிவிட்டேன் என்கிறார் பழகுபவர். அப்படியானால் அது வேலை செய்கிறதா பார்ப்போம் என்கிறார் மற்றவர்.

‘அது’ எது? கடைசியாகப் பேச்சில் வந்த பொருள் உறை. ஆனால் உறை வேலை செய்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் சொன்ன கம்ப்ரசரைத்தான் அந்த ‘அது’ சுட்டுகிறது. கேட்டவருக்கு அதில் ஒரு குழப்பமும் வரவில்லை.

பள்ளியில் நமக்குச் சொல்லித்தந்தது வேறு. சுட்டுப்பெயர் வந்தால் அதற்கு முன்னால் மிக அருகில் இருக்கும் பெயரைப் பார் என்பார்கள். இந்த உரையாடலில் அந்த விதி செல்லவில்லை. பேச்சில் எது அருகில் இருக்கிறது என்பதைவிட, பேசுகிறவர் மனமும் கேட்கிறவர் மனமும் எதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்பதே முக்கியம் என்று 1977இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் காட்டினார் பார்பரா கிரோஸ். கம்ப்ரசரைப் பூட்டுவது பெரிய வேலை. பம்பும் உறையும் அதற்குள் வரும் சிறு வேலைகள். சிறு வேலைகள் முடிந்ததும் மனம் தானாகப் பெரிய வேலைக்குத் திரும்பிவிடுகிறது, சுட்டுப்பெயரும் அதோடு திரும்பிவிடுகிறது.

உரையாடல் முழுவதற்கும் இது சரி. அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்களுக்கு இடையே என்ன நடக்கிறது என்ற நுணுக்கமான கேள்வியை கிரோஸ் பிறகு மேலும் இருவரோடு சேர்ந்து எடுத்துக்கொண்டார். ஒருவர் ஸ்காட் வைன்ஸ்டைன். இன்னொருவர் புனேயில் பிறந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வாழ்நாள் முழுக்கப் பணிபுரிந்த அரவிந்த் ஜோஷி. மூவரும் 1983இல் முதல் கட்டுரையை வெளியிட்டார்கள். அதை விரித்து எழுதிய தட்டச்சுப் பிரதி 1986இலிருந்து ஆய்வாளர்களின் கைகளில் சுற்றியது, 1995இல்தான் அச்சேறியது. மையக் கோட்பாடு என்று அதைத் தமிழில் சொல்லலாம்.

அவர்கள் சொன்னது கேட்பதற்கு எளியது. ஒரு வாக்கியத்தில் பலர் வரலாம், பல பொருள்கள் வரலாம். எல்லாரும் சமமாக மனதில் நிற்பதில்லை. எழுவாயாக வருபவர் முன்னால் நிற்பார், செயப்படுபொருளாக வருபவர் அவருக்குப் பின்னால், மற்றவர்கள் இன்னும் பின்னால். அடுத்த வாக்கியம் வந்ததும், முந்தைய வாக்கியத்தில் இருந்தவர்களில் யார் யார் இங்கேயும் வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அப்படி வந்தவர்களில் முந்தைய வாக்கியத்தில் முன்னால் நின்றவரே இப்போதைய வாக்கியத்தின் மையம். ஒரு வாக்கியத்துக்கு ஒரே ஒரு மையம்தான். பழைய வாக்கியத்தையும் புதிய வாக்கியத்தையும் கட்டும் முடிச்சு அவர்தான்.

ஒரு சிறு கதையை எடுத்துக்கொள்வோம்.

சேகர் ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்றினான்.
சாமான் ஏற்ற வாசுவைத் துணைக்குக் கூப்பிட்டான்.
அவனோடு சேர்ந்து பீரோவை மாடியிலிருந்து இறக்கினான்.

இரண்டாவது வாக்கியத்தில் எழுவாயே இல்லை. ‘கூப்பிட்டான்’ என்ற வினைமுற்றின் கடைசியில் இருக்கும் ‘ஆன்’ ஓர் ஆண் என்று மட்டும் சொல்கிறது. அது சேகர்தான் என்று நாம் யோசிக்காமலே எடுத்துக்கொள்கிறோம். மூன்றாவது வாக்கியம் இன்னும் சுவையானது. அதில் இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள், ஒருவர் பெயரும் இல்லை. ஒருவன் ‘அவன்’, இன்னொருவன் வெறும் ‘ஆன்’. ஆனாலும் பீரோவை இறக்கியவன் சேகர் என்பதிலும், கூடச் சேர்ந்த ‘அவன்’ வாசு என்பதிலும் யாருக்கும் ஐயம் வராது. இரண்டாவது வாக்கியத்தின் எழுவாய் சேகர், எனவே மூன்றாவதன் மையமும் அவனே. மையத்தில் இருப்பவனுக்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. அவனுக்கு அடுத்து நிற்பவனுக்கு ஒரு ‘அவன்’ தேவைப்பட்டது.

மூன்றாவது வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள்: “சேகர் அவனோடு சேர்ந்து பீரோவை மாடியிலிருந்து இறக்கினான்.” இலக்கணப் பிழை எதுவும் இல்லை. பெயரைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, எனவே முன்பைவிட நன்றாகப் புரிய வேண்டும். ஆனால் படிக்கும்போது ஏதோ தட்டுகிறது. ‘அவன்’ மூன்றாவதாக வேறு யாரோ என்ற எண்ணம்கூட ஒரு கணம் எட்டிப் பார்க்கிறது. மையக் கோட்பாட்டின் முதல் விதி இதைத்தான் பேசுகிறது. முந்தைய வாக்கியத்திலிருந்து வந்த யாரையாவது சுட்டுப்பெயரால் குறித்தால், மையத்தில் இருப்பவரையும் சுட்டுப்பெயரால்தான் குறிக்க வேண்டும். பின்னால் நிற்பவனுக்கு ‘அவன்’ போட்டுவிட்டு, முன்னால் நிற்பவனுக்குப் பெயர் போட்டால் வரிசை தலைகீழாகிறது. ஆங்கிலத்தில் சுட்டுப்பெயர் செய்யும் வேலையைத் தமிழில் பெரும்பாலும் வினைமுற்றின் விகுதியே செய்துவிடுவதால், நம் மொழியில் இந்த விதியின் உச்சநிலை மௌனம்.

இது வெறும் ரசனை என்று நினைக்க வேண்டாம். பீட்டர் கார்டன், கிரோஸ், லாரா கில்லியம் மூவரும் 1993இல் இதை அளந்து பார்த்தார்கள். படிப்பவர் பொத்தானை அழுத்தினால் திரையில் ஒரு வாக்கியம் வரும், படித்து முடித்து மறுபடி அழுத்தினால் அடுத்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பதிவாகும். மையத்தில் இருப்பவரை எழுவாய் இடத்தில் பெயர் சொல்லிக் குறித்தபோது, சுட்டுப்பெயரால் குறித்ததைவிடப் படிக்கக் கூடுதல் நேரம் பிடித்தது. மையத்தில் இல்லாதவரின் பெயரைத் திரும்பச் சொன்னால் அந்தத் தாமதம் இல்லை. பெயர் சொன்னால் தெளிவு கூடும் என்று நாம் நினைக்கிற இடத்தில், பெயரே வாசகரை நிறுத்தியிருக்கிறது. முன்பு பார்த்தவர்தானே, ஏன் புதிதாக அறிமுகம் செய்கிறார்கள் என்று மனம் ஒரு கணம் தேடுகிறது.

ஆங்கிலத்தில் எழுவாயை விட்டுவிட முடியாது. ஸ்பானிஷில் தமிழைப் போலவே விடலாம். அந்த மொழியில் 2011இல் கார்லோஸ் ஜெலோர்மினி-லெசாமாவும் அமித் அல்மோரும் இதேபோல் அளந்தபோது, மையத்தில் இருப்பவருக்குப் பெயரைப் போட்டாலும் தாமதம், ‘அவன்’ என்று வெளிப்படையாகச் சொன்னாலும் தாமதம், எதுவும் சொல்லாமல் விட்டால்தான் ஓட்டம் தடைபடவில்லை என்று கண்டார்கள். தமிழ் எழுதுபவர்களுக்கு இது மிகவும் பழக்கமான அனுபவம். ஆங்கிலத்திலிருந்து அவசரமாக மொழிபெயர்த்த பக்கங்களில் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘அவன்’, ‘அவள்’, ‘அவர்’ என்று குவிந்திருக்கும். ஒவ்வொன்றும் சரிதான், ஆனால் ஒவ்வொன்றும் ஆள் மாறிவிட்டதோ என்ற சிறு ஐயத்தைக் கிளப்பிக்கொண்டே போகும். மொழிபெயர்ப்பு வாடை என்று நாம் சொல்வதில் ஒரு பெரும் பங்கு இந்தத் தேவையில்லாத சுட்டுப்பெயர்களுடையது என்பது என் எண்ணம்.

கதைக்குத் திரும்புவோம். நான்காவது வாக்கியம் இப்படி இருக்கட்டும்: “கூலி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.”

சொன்னது யார்? வாசு. வேறு யாராக இருக்க முடியும்? ஆனாலும் இந்த வாக்கியம் சீராக இறங்குவதில்லை. 1987இல் சூசன் பிரென்னன், மர்லின் ஃப்ரீட்மன், கார்ல் பொல்லார்ட் மூவரும் இந்தக் கோட்பாட்டைக் கணினி பின்பற்றக்கூடிய படிகளாக மாற்றினார்கள். அதன்படி நடந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். முதலில், சாத்தியமான எல்லாப் பொருள்களையும் எடுத்து வைக்க வேண்டும். இங்கே இரண்டு. ஒன்றில் வேண்டாம் என்றவன் சேகர், மற்றதில் வாசு. அடுத்து, திணை, பால், எண் பொருந்தாதவற்றைக் கழிக்க வேண்டும். இருவரும் ஆண், இருவருக்கும் ‘ஆன்’ விகுதிதான், எனவே எதுவும் கழியவில்லை. (ஒருவர் பெரியவராக இருந்து ‘சொல்லிவிட்டார்’ என்று வந்திருந்தால் வேலை இங்கேயே முடிந்திருக்கும்.) கடைசியாக, மீதி இருப்பவற்றில் எது மனதுக்கு எளிது என்று வரிசைப்படுத்த வேண்டும்.

அந்த வரிசைதான் கோட்பாட்டின் இரண்டாவது விதி. மையம் மாறாமல், அவரே இந்த வாக்கியத்திலும் முன்னால் நின்றால் அது தொடர்ச்சி. இதுவே மிக எளிது. மையம் அதே ஆள்தான், ஆனால் இந்த வாக்கியத்தில் வேறொருவர் முன்னால் வந்துவிட்டார் என்றால் அது அடுத்த நிலை. ஆள் மாறப்போகிறது என்று வாசகருக்குக் கொடுக்கும் முன்னறிவிப்பு என்று அதை வைத்துக்கொள்ளலாம். மையமே மாறிவிட்டால் அது நகர்வு, அதற்கு இன்னும் கூடுதல் உழைப்பு. புதிய மையமாவது முன்னால் நிற்கிறார் என்றால் பரவாயில்லை. மையமும் மாறி, முன்னால் நிற்பவரும் வேறொருவர் என்றால் அதுதான் எல்லாவற்றிலும் கரடுமுரடானது.

நம் வாக்கியத்தில் சேகர் என்று எடுத்தால் தொடர்ச்சி. வாசு என்று எடுத்தால் நகர்வு. விதிப்படி போகும் கணினி சேகரைத் தேர்ந்தெடுக்கும், தவறிவிடும். நம் மனமும் அநேகமாக முதலில் சேகர் பக்கமே சாய்கிறது. பிறகு கூலி என்ற சொல்லைப் பார்த்து, வேலைக்கு வந்தவன்தானே கூலி வேண்டாம் என்பான் என்று உணர்ந்து திருத்திக்கொள்கிறது. தடுக்கல் வருவது அந்தத் திருத்தத்தில்.

எழுதுபவர் இதைத் தவிர்க்க நல்ல வழி இருக்கிறது: “வாசு அவனிடம் கூலி வாங்க மறுத்துவிட்டான். மதியமே டூட்டிக்குக் கிளம்பிப் போய்விட்டான்.” முதல் வாக்கியத்தின் மையம் இன்னும் சேகர்தான், அதனால்தான் அவனுக்கு ‘அவனிடம்’. ஆனால் முன்னால் வந்து நிற்பவன் வாசு, பெயரோடு வருகிறான். முன்னறிவிப்பு கிடைத்துவிட்டது. அதற்கடுத்த வாக்கியத்தில் மௌனமாக வரும் ‘ஆன்’ வாசுவைச் சுட்டும்போது ஒரு தடுக்கலும் இல்லை. ஆளை மாற்றுவதற்கு ஒரு வாக்கியம் செலவழித்தோம், அவ்வளவுதான். நல்ல கதைசொல்லிகள் இதைக் கோட்பாடு படிக்காமலே செய்கிறார்கள்.

ஆள் மாறுகிறதா இல்லையா என்பதைச் சொல்லத் தமிழுக்கு இன்னொரு கருவியும் இருக்கிறது. அது ஒரே வாக்கியத்துக்குள் வேலை செய்வது. “சேகர் வாசுவைக் கூப்பிட்டு, பீரோவை இறக்கி, வண்டியில் ஏற்றினான்” என்கிறோம். கூப்பிட்டு, இறக்கி, ஏற்றினான் மூன்றையும் செய்தவன் ஒருவனே. ‘செய்து’ என்ற வாய்பாட்டு எச்சம், முடிக்கும் வினையின் எழுவாயையே தனக்கும் எழுவாயாகக் கொள்ளும் என்று தொல்காப்பிய வினையியல் எழுதி வைத்திருக்கிறது. ‘செய’ என்ற வாய்பாட்டுக்கு அந்தக் கட்டு இல்லை. “சேகர் கூப்பிட, வாசு வந்தான்” என்று ஆள் மாறலாம். அதே ஆள்தான் தொடர்கிறாரா, வேறு ஆள் வருகிறாரா என்பதை வினையின் வடிவத்திலேயே குறிக்கும் மொழிகள் உலகில் பல உண்டு, ஆஸ்திரேலியப் பழங்குடி மொழிகளிலும் பப்புவா நியூ கினி மொழிகளிலும் அது விரிவாக ஆராயப்பட்டிருக்கிறது. நம் எச்சங்கள் அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் நிற்பவை. விதிவிலக்குகளும் உண்டு. “மழை பெய்து குளம் நிறைந்தது” என்பதில் பெய்தது மழை, நிறைந்தது குளம். ஒன்றால் மற்றொன்று விளைந்ததால் இங்கே பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் “சேகர் கூப்பிட்டு வாசு வந்தான்” என்று எழுதினால் எழுத்து நடையில் இடறுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, கோட்பாடு எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

சேகர் வாசுவைத் திட்டினான், சாவியைத் தொலைத்துவிட்டான் என்று.
சேகர் வாசுவிடம் மன்னிப்புக் கேட்டான், சாவியைத் தொலைத்துவிட்டதற்காக.

முதலாவதில் சாவியைத் தொலைத்தவன் வாசு, இரண்டாவதில் சேகர். இரண்டிலும் எழுவாய் சேகர்தான், வரிசை ஒன்றுதான். வேறுபாட்டைக் கொண்டுவந்தவை வினைகள். திட்டினால் காரணம் திட்டு வாங்கியவரிடம் இருக்கும், மன்னிப்புக் கேட்டால் காரணம் கேட்டவரிடம் இருக்கும். வினைச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் இந்தக் காரணச் சாய்வை கேத்தரின் கார்வேயும் அல்ஃபோன்சோ கரமாட்சாவும் 1974லேயே எடுத்துக் காட்டினார்கள். எனவே சுட்டுப்பெயர் யாரைக் குறிக்கிறது என்று கண்டுபிடிக்க, யார் மையம் என்பது மட்டும் போதாது.

ஆனால் இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது. அடுத்து யாரைப் பற்றிப் பேசப்போகிறோம் என்பது ஒரு கேள்வி. அவரை எந்தச் சொல்லால் குறிக்கப்போகிறோம் என்பது வேறொரு கேள்வி. குமிகோ ஃபுகுமுராவும் ரோஜர் வான் கொம்பெலும் 2010இல் இப்படிப்பட்ட ஆங்கில வாக்கியங்களின் முதல் பாதியைக் கொடுத்து, மீதியை எழுதச் சொன்னார்கள். யாரைப் பற்றி எழுதினார்கள் என்பதை வினையின் காரணச் சாய்வு பெரிதும் தீர்மானித்தது. சுட்டுப்பெயர் போட்டார்களா, பெயர் போட்டார்களா என்பதை அது தீர்மானிக்கவில்லை. முந்தைய வாக்கியத்தின் எழுவாய்க்குச் சுட்டுப்பெயர் அதிகம் வந்தது, மற்றவருக்குப் பெயர் அதிகம் வந்தது. அதாவது, அடுத்து வாசுதான் வருவான் என்று எல்லாரும் எதிர்பார்க்கும் இடத்திலும், எழுதுபவரின் கை வாசுவுக்குப் பெயரைத்தான் போடுகிறது. எதிர்பார்ப்பு வேறு, முன்னால் நிற்பது வேறு. சொல்லின் வடிவத்தை ஆள்வது இரண்டாவது. இதில் ஆய்வாளர்கள் எல்லாரும் ஒத்துப்போவதில்லை. கொடுத்தல், வாங்கல் போன்ற வினைகளில் எதிர்பார்ப்பும் வடிவத்தைத் தொடுகிறது என்று ஜெனிஃபர் அர்னால்ட் 2001இல் எழுதினார். விவாதம் இன்னும் நடக்கிறது.

நாளிதழ்ச் செய்திகளில் இதன் விளைவை நாம் அடிக்கடி அனுபவிக்கிறோம். செய்தி நடையில் குற்றம் செய்தவரும் ‘அவர்’, அடிபட்டவரும் ‘அவர்’. விகுதி உதவுவதில்லை. இப்படி ஒரு செய்தியைக் கற்பனை செய்யுங்கள்: “டீக்கடையில் நின்றிருந்த ராஜாவைக் குமார் அரிவாளால் வெட்டினார். அவர் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவரைப் போலீஸார் தேடி வருகின்றனர்.” இரண்டு ‘அவர்’, இரண்டு ஆட்கள். முதல் ‘அவர்’ குமார் என்று மையம் சொல்கிறது, ராஜா என்று உலகறிவு சொல்கிறது. அதைத் திருத்திக்கொண்டு ராஜாவை மனதில் நிறுத்தியதும், இரண்டாவது ‘அவர்’ மறுபடி குமாருக்குத் தாவுகிறது. தேர்ந்த துணையாசிரியர் இதை “படுகாயமடைந்த ராஜா அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தலைமறைவான குமாரைப் போலீஸார் தேடி வருகின்றனர்” என்று மாற்றிவிடுவார்.

சொந்த எழுத்தில் இதைச் சோதிக்கவும் முடியும். பெயர் இல்லாமல் வரும் ஒவ்வொரு வினைமுற்றிலும், ஒவ்வொரு சுட்டுப்பெயரிலும் முந்தைய வாக்கியத்தின் எழுவாயைப் பொருத்திப் படித்துப் பாருங்கள். பொருள் கெட்டால் அங்கே பெயர் வேண்டும், அல்லது ஒரு முன்னறிவிப்பு வாக்கியம் வேண்டும். மாறாக, ஒருவரே தொடர்ந்து எழுவாயாக இருக்கும் இடத்தில் அவர் பெயரும் தொடர்ந்து வந்தால், ஒவ்வொரு பெயரையும் எடுத்துவிட்டுப் படியுங்கள். எடுத்தும் புரிகிறது என்றால் அது வேண்டாத பெயர்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பத்தி மாறும் இடம், காலம் மாறும் இடம், காட்சி மாறும் இடம். சேகரைப் பற்றியே ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு வந்து, ‘மறுநாள் காலை’ என்று புதிய பத்தியைத் தொடங்கும்போது, வேறு ஆளே இல்லாவிட்டாலும் நாம் ‘சேகர்’ என்று பெயரைப் போடுகிறோம். நெதர்லாந்தைச் சேர்ந்த வீட்ஸ்கே வோங்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1992இல் டச்சு மொழியில் இதைச் சோதித்தார்கள். குழப்பம் இல்லாத இடத்தில் பெயர் திரும்ப வந்தால், பழைய விஷயம் முடிந்து புதியது தொடங்குகிறது என்று வாசகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று கண்டார்கள். ஒரு பத்தியின் நடுவில் பெயர் வாசகரைத் தடுக்கியது. பத்தியின் தலையில் அதே பெயர், முந்தைய காட்சியை இறக்கி வைத்துவிட்டு வாருங்கள் என்று அவரை அழைக்கிறது.